வாள் மூன்றும் கோப்பை ஐந்தும் சேர்ந்து வரும்போது

அவையினருக்கு வணக்கம்.

காதல் முறிந்த பிறகு, "இதிலிருந்து எப்படி மீள்வது?" என்று கேட்டு டாரட் கார்டு எடுக்கிறவர்கள் பார்த்ததும் முகம் வாடுகிற ஜோடி ஒன்று உண்டு. த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ், ஃபைவ் ஆஃப் கப்ஸ். வாள் மூன்று, கோப்பை ஐந்து. இரண்டும் துக்கக் கார்டுகள் என்பதால், "உங்களுக்கு இன்னும் வலி தீரவில்லை, காலம் எடுக்கும்" என்று சொல்லி ரீடிங்கை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். கேட்டவருக்கு அது முன்பே தெரியும், அதனால்தான் வந்திருக்கிறார். இந்த இரண்டு கார்டும் இரண்டு வேறு வேலைகளைச் சொல்கின்றன. எது முதலில், எது பிறகு என்பதையும் அவை விழுந்த இடம் சொல்லிவிடும்.

முதலில் படங்களைப் பார்ப்போம். லண்டனில் 1909-இல் வெளிவந்த, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர்-வெயிட் கட்டை வைத்தே பேசுகிறேன். நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுவோ அதன் வழி வந்ததோதான். வாள் மூன்றில் ஒரு சிவப்பு இதயம், அதில் மூன்று வாள், பின்னால் மேகமும் மழையும். இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான சோலா புஸ்கா கட்டிலும் மூன்று வாள் துளைத்த இதயம் உண்டு. அந்தக் கட்டின் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, ஸ்மித் அவற்றைப் பார்த்திருக்கலாம். கவனிக்க வேண்டியது, ஸ்மித்தின் படத்தில் ஆளே இல்லை. குத்தியவரும் இல்லை, குத்துப்பட்டவரும் இல்லை. நடந்துபோன ஒரு விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது. வாள் என்பது மனம், சொல், உண்மை. ஆகவே இந்தக் கார்டு பேசுவது, கேட்டுவிட்ட ஒரு சொல்லை, தெரிந்துவிட்ட ஓர் உண்மையை.

கோப்பை ஐந்தில் ஆள் இருக்கிறார். கறுப்புப் போர்வை போர்த்தி, தலை குனிந்து, முன்னால் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. சற்றுத் தொலைவில் ஆறும் பாலமும், அக்கரையில் ஒரு கோட்டையும். இந்தக் கட்டை வடிவமைத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் இதற்கு எழுதிய விளக்கமே மூன்று போனது, இரண்டு மீதி என்றுதான் கணக்குச் சொல்கிறது. இங்கே பிரச்சினை, பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது.

இரண்டு கார்டிலும் மூன்று என்ற எண் வருவதைப் பாருங்கள். மூன்று வாள், மூன்று கவிழ்ந்த கோப்பை. ஒரே இழப்பை மனம் ஒரு முறையும் உணர்ச்சி ஒரு முறையும் எண்ணுகிறது. கோல்டன் டான் என்ற பிரிட்டிஷ் மறைஞானச் சங்கத்தின் மரபில் வாள் காற்று, கோப்பை நீர். இவை நட்பு மூலகங்கள், ஒன்றை ஒன்று தாங்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மீளும் கேள்வியில் இதுதான் சிக்கல். "அன்றைக்கு அப்படிச் சொன்னாரே" என்ற நினைப்பு அழுகையைக் கிளப்பும். அழுகை அடங்கியதும் அதே நினைப்பு மீண்டும் வரும். இந்தச் சுழற்சியை எங்கே அறுப்பது என்று கண்டுபிடிப்பதே ரீடரின் வேலை.

ஓர் உதாரணம் விரித்துப் பார்ப்போம். பிரிந்து நான்கு மாதம் ஆன ஒரு பெண் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கார்டு போதும். முதல் இடம், எது வலிக்கிறது. இரண்டாவது, எது ஆறவிடாமல் தடுக்கிறது. மூன்றாவது, எது உதவும். வந்தவை வாள் மூன்று, கோப்பை ஐந்து, நாணயம் எட்டு.

முதல் இடத்தில் வாள் மூன்று இருப்பதால், நடந்தது என்ன என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். அதை மீண்டும் கிளற வேண்டாம். "ஏன் பிரிந்தார்?" என்று கூடுதல் கார்டு எடுக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தடை இரண்டாவது இடத்தில் இருக்கிறது. கவிழ்ந்ததையே பார்த்துக்கொண்டிருப்பது, அதாவது பழைய சாட் மெசேஜ்களைத் திறந்து படிப்பது, பிரிந்துபோனவருடைய ஸ்டேட்டஸைத் தேடிப் பார்ப்பது. மூன்றாவதில், பட்டறைப் பலகையில் உட்கார்ந்து நாணயம் கொத்துகிற தொழிலாளி. தினமும் கை வைத்துச் செய்கிற வேலை. நாணயம் நிலம், காற்றுக்குப் பகை. ஆக இருபுறமும் உள்ள காற்றும் நிலமும் ஒன்றையொன்று மட்டுப்படுத்த, நடுவில் உள்ள கோப்பை ஐந்து அவற்றால் பெரிதாகப் பாதிக்கப்படாமல் தன் இயல்பிலேயே நிற்கும். வேலையில் மூழ்கினால் நினைப்பின் கூர்மை குறையும். ஆனால் பார்வையைத் திருப்பும் பொறுப்பு மீதம் இருக்கிறது, அதை வேலை செய்து தராது. அலுவலகத்தில் நன்றாக இருந்துவிட்டு இரவில் உடைகிறவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தும்.

இந்த இடத்தில் இரண்டு கார்டு மட்டும் கூடுதலாக எடுக்கலாம், நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒன்று. முதலாவது, அவருக்குள் மிஞ்சியிருப்பது. இரண்டாவது, அவரைச் சுற்றி மிஞ்சியிருப்பது. கோல் ராணியும் கோப்பை ஆறும் வருவதாகக் கொள்வோம். சூரியகாந்தியைப் பிடித்து, காலடியில் கறுப்புப் பூனையோடு இருக்கும் ராணி, அவருடைய பழைய துணிச்சல். காதலிக்கும்போது அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று கேளுங்கள், பதில் அங்கே கிடைக்கும். கோப்பை ஆறு, குழந்தைகளும் பூக்களும் கொண்ட பழைய நினைவுக் கார்டு. இதைக் கண்டதும் "பழைய காதலர் திரும்ப வருகிறார்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். இங்கே கேள்வி அதுவல்ல, இடமும் அதுவல்ல. பள்ளித் தோழி, அக்கா, ஊர் வீடு என்று படிப்பதே பொருத்தம். ஒரு பெயரை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், "இந்த வாரம் பேசுகிறேன்" என்ற அளவுக்கு.

வரிசை மாறினால் படிப்பும் மாறும். கோப்பை ஐந்து முதலிலும் வாள் மூன்று தடையிலும் வந்தால், அழுகை நடந்துகொண்டே இருக்கிறது, ஆனால் ஓர் உண்மையை மனம் இன்னும் ஏற்கவில்லை. "இது தற்காலிகம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படி விழும். இவரிடம் மிச்சக் கோப்பையைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாது. பிரிவு முடிந்த ஒன்று என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்வதுதான் முதல் வேலை. உதவும் இடத்தில் வாள் மூன்று வந்தால் புது அடி விழப்போகிறது என்று பயமுறுத்தாதீர்கள். சொல்லாமல் விழுங்கியதைச் சொல்லிவிடு என்பதே அங்கே பொருள்.

தலைகீழாக வரும்போது கவனம் தேவை. வாள் மூன்று ரிவர்ஸில் இரண்டு வழி உண்டு, வாள் உருவப்படுகிறது அல்லது வலி உள்ளே அமுக்கப்படுகிறது. பக்கத்தில் கோப்பை ஐந்து நேராக இருந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள். கோப்பை ஐந்தும் தலைகீழாக இருந்தால் முதலாவது பொருந்தும். கோப்பை ஐந்து ரிவர்ஸுக்கு வெயிட் "திரும்புதல்" என்றும் ஒரு பொருள் தருகிறார். அதைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கை கொடுக்காதீர்கள், அதே பட்டியலில் பொய்த் திட்டங்களும் இருக்கிறது.

இன்னொரு தவறு, மூன்று வாள் என்றால் மூன்றாம் ஆள் என்று சொல்வது. வெயிட் தரும் பொருள் விலகல், முறிவு, தாமதம் போன்றவைதான். கார்டில் ஆளே இல்லாதபோது ஒருவர் மீது பழி சுமத்த நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த ஒரு வார்த்தை கேட்டவர் வீட்டில் பல மாதம் கிடந்து புண்ணாக்கும்.

கேட்பவர் வாரக்கணக்கில் உறக்கமோ சாப்பாடோ இல்லை என்றாலும், வாழவே விருப்பமில்லை என்றாலும், கார்டை மூடி வையுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அப்போதே அழைக்கச் சொல்லி, வீட்டில் ஒருவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

அதே கேள்வியை அன்றைக்கே மறுபடி எடுக்க விடாதீர்கள். ஒரு மாதம் கழித்து எடுங்கள், அதே மூன்று இடங்களோடு. இந்த ஜோடி திரும்பவும் வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கோப்பை ஐந்து தடையிலிருந்து முதல் இடத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நகர்ந்திருந்தால், சென்ற மாதம் தடையாக இருந்தது இன்று அவரே பெயர் சொல்லக்கூடிய வலியாகிவிட்டது. நகராமல் தடையிலேயே நின்றால், கோல் ராணிக்கும் கோப்பை ஆறுக்கும் சொன்னதில் எதை அவர் செய்யவில்லை என்று கேட்டு, அதிலிருந்து ரீடிங்கைத் தொடங்குங்கள்.