அறுபது மாத வைப்பும் ஒரு தவறான வகுத்தலும்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன்னர், பருத்தித்துறைப் பக்கத்தில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாயார் ஒரு கொப்பியுடன் என் வீட்டுக்கு வந்தார். படகுக்குப் புதிய எஞ்சினும் வலைகளும் வாங்குவதற்காகக் கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் அவர்களுக்கு 12 இலட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். வட்டி வேண்டாம், இடையில் சிறுகச் சிறுகத் திருப்பித் தரவும் வேண்டாம், 5 ஆண்டுகள் கழித்து முழுத் தொகையையும் ஒரே தடவையில் தந்தால் போதும் என்பதே பேச்சு. அந்த நாளில் பணம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக மாதந்தோறும் வங்கியில் ஒரு தொகையைப் போட்டுவர அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். கணக்கியலில் இவ்வாறு சேர்ப்பதைக் கடன் தீர்ப்பு நிதி என்போம். மாதம் எவ்வளவு போட வேண்டும் என்பதை அவருடைய மருமகன் கணக்கிட்டுக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருந்தார். 14,945 ரூபாய் என்று அதில் இருந்தது.

அந்தத் தொகை போதாது. ஆனால் அது ஏன் போதாது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கணக்கின் உள்ளே இருப்பது முழுவதும் விளங்கிவிடும் என்பதால், மருமகன் செய்த வழியையே முதலில் சொல்கிறேன். வங்கி வட்டி ஆண்டுக்கு 6 வீதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆண்டுக்கு ஒரு தடவை வட்டி சேர்க்கப்பட்டால், இன்று வைப்பிலிடும் ஒரு ரூபாய் 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 1.338226 ரூபாயாகும். ஆகவே 12 இலட்சத்தை 1.338226 ஆல் வகுத்து, கிடைத்த 8,96,710 ரூபாயை 60 மாதங்களுக்குப் பங்கிட்டார். முதல் வகுத்தலில் பிழை இல்லை. இன்றைக்கே 8,96,710 ரூபாயை ஒன்றாக வைப்பிலிட்டால் அது 5 ஆண்டுகளில் 12 இலட்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பத்திடம் அந்தப் பணம் இன்றைக்கு இல்லை. மாதாமாதம் வருகின்ற பணத்தில் முதல் மாதப் பணத்துக்கே ஏறக்குறைய 5 ஆண்டு வட்டி கிடைக்கும். நடுவில் போடும் பணத்துக்கு அதில் பாதிக் காலத்து வட்டிதான் வரும். கடைசி மாதத்தில் போடும் பணத்துக்கு வட்டியே இல்லை. எல்லாப் பணமும் முதல் நாளிலிருந்தே வட்டி உழைக்கும் என்று கணக்குப் போட்டதால், அவர் சொன்ன தொகையை ஒரு மாதமும் தவறாமல் போட்டிருந்தாலும் முடிவில் 10,42,700 ரூபாய் அளவில்தான் சேர்ந்திருக்கும். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்திருக்கும்.

அப்படியானால் சரியான வழி என்ன? மாதம் ஒரு ரூபாய் மட்டும் போட்டால் 60 மாதங்களில் எவ்வளவு சேரும் என்று கண்டுபிடித்து, அதனால் 12 இலட்சத்தை வகுக்க வேண்டும். இதற்குரிய சூத்திரம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆயினும் வானொலியில் சூத்திரத்தைச் சொல்வதைவிட, அது எப்படி வருகிறது என்பதைக் காட்டுவது மேல் என்று எண்ணுகிறேன்.

ஆண்டுக்கு 6 வீதம், மாதாமாதம் வட்டி சேர்க்கப்படுகிறது என்றால், மாதத்துக்கு அரை வீதமாகும். உங்கள் கணக்கில் 200 ரூபாய் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது மாதத்துக்குச் சரியாக ஒரு ரூபாய் வட்டி தரும். அந்த ஒரு ரூபாயை ஒவ்வொரு மாத முடிவிலும் எடுத்து, அதே வட்டி தரும் இன்னொரு கணக்கில் போட்டு வந்தால், அதுவே மாதம் ஒரு ரூபாய் சேர்க்கும் நிதி. வட்டியை எடுக்காமல் அந்த 200 ரூபாயுடனேயே விட்டிருந்தால், 60 மாதங்களில் அது 269 ரூபாய் 77 சதமாக வளர்ந்திருக்கும். இரண்டு வழியிலும் பணம் ஒரே வட்டியைத்தான் உழைக்கிறது என்பதால் மொத்தத்தில் வேறுபாடு இருக்க முடியாது. ஆகவே, முதல் வழியில் இன்னமும் அப்படியே இருக்கும் 200 ரூபாயைக் கழித்தால், மாதம் ஒரு ரூபாய் வீதம் சேர்ந்த நிதியில் இருப்பது 69 ரூபாய் 77 சதம்.

12 இலட்சத்தை 69.77 ஆல் வகுத்தால் 17,199 ரூபாய் சொச்சம் வரும். அதை 17,200 என்று வைத்துக்கொள்ளலாம். வட்டியே இல்லாவிட்டால் மாதம் 20,000 ரூபாய் போட வேண்டியிருக்கும். வட்டியை முழுக்காலத்துக்கும் எண்ணிய மருமகனின் தொகை 14,945. சரியான விடை இவ்விரண்டுக்கும் இடையில்தான் வர வேண்டும். யாராவது உங்களுக்கு இத்தகைய கணக்கொன்றைப் போட்டுத் தந்தால், இந்த இரு எல்லைகளையும் வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனத்தில் வைக்க வேண்டும். கணக்குக்கு எடுக்கும் வட்டி, வரி போகக் கைக்கு வரும் வட்டியாக இருக்க வேண்டும். 6 வீத வட்டியில் பத்தில் ஒரு பங்கை வங்கி வரியாகப் பிடித்துக்கொண்டால் மீதி 5.4 வீதம்தான், அப்போது மாத வைப்பு 17,466 ரூபாய் ஆகிவிடும். மற்றது, திருப்பித் தருவதாகச் சொன்ன தொகை ரூபாயில் இருக்க வேண்டும். உறவினர் டொலரில்தான் திரும்பக் கேட்பார் என்றால், 5 ஆண்டுகளின் பின்னான நாணய மாற்று வீதத்தை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

அந்தத் தாயார் என்னிடம் கேட்ட அடுத்த கேள்வி மிகவும் நியாயமானது. "ஐயா, மாரி காலத்தில கடல் கொந்தளிச்சா நாங்கள் தொழிலுக்கே போறேல்லை. அந்த மாசங்களில எப்படிப் போடுறது?" என்றார். ஒரு மாதம் தவறினால் எவ்வளவு நட்டம் என்பது, அது எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. மூன்றாவது மாதத்து 17,200 ரூபாய் தவறினால், முடிவில் 22,850 ரூபாய் அளவுக்குத் துண்டுவிழும். ஐம்பத்தேழாவது மாதத்தில் தவறினால் துண்டுவிழுவது 17,460 ரூபாய்தான். எனவே நல்ல மீன்பாடு இருக்கும் மாதங்களில் கூட்டிப் போட்டு, மாரிக்கு முன்னதாகவே அந்த மாதங்களின் பங்கையும் போட்டுவிடும்படி சொன்னேன். அத்துடன், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் இருக்க வேண்டிய மீதியைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். முதலாம் ஆண்டு முடிவில் 2,12,170 ரூபாயும், இரண்டாம் ஆண்டு முடிவில் 4,37,430 ரூபாயும் இருக்க வேண்டும். வங்கிப் புத்தகத்தில் உள்ள மீதி இதைவிடக் குறைவாக இருந்தால், ஐந்தாம் ஆண்டு வரை காத்திராமல் அன்றே தெரிந்துவிடும்.

வட்டி வீதம் 5 ஆண்டுகளும் அசையாமல் நிற்காது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிலையான வைப்புகளுக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. அதற்குப் பின்னர் அது வெகுவாக இறங்கியதை எல்லோரும் கண்டோம். ஆகவே வீதம் மாறும்போதெல்லாம் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். இரண்டு ஆண்டுகள் முடிந்த நிலையில் வட்டி 4.8 வீதமாக, அதாவது மாதத்துக்கு 0.4 வீதமாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கையில் இருக்கும் 4,37,430 ரூபாய், மீதி 36 மாதங்களில் 5,05,040 ரூபாய் அளவுக்கு வளரும். 12 இலட்சத்தில் அதைக் கழித்தால் இன்னும் 6,94,960 ரூபாய் சேர்க்க வேண்டும். புதிய வீதத்தில் மாதம் ஒரு ரூபாய், 36 மாதங்களில் 38 ரூபாய் 64 சதமாகும். வகுத்துப் பார்த்தால் மாத வைப்பு ஏறத்தாழ 17,990 ரூபாய்க்கு உயரும். மாதத்துக்கு 800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான இந்த வேறுபாட்டை அப்போதே தொடங்கினால் சமாளிக்கலாம். கடைசி ஆண்டு வரை பார்க்காமல் விட்டால், அதே குறையைப் 12 மாதங்களுக்குள் நிரப்ப வேண்டியிருக்கும். அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மீதிகளுக்கு நேரே ஒரு நிரலை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வங்கியில் அன்றைய வீதத்தைக் கேட்டு, அதை அந்த நிரலில் குறித்துக்கொண்டு வருவதாக அந்தத் தாயார் சொல்லிச் சென்றார்.

வணக்கம்.