பல வருடம் ஒத்துக்கொண்ட மாத்திரையும் உதட்டை வீங்க வைக்கும்

வணக்கம் நேயர்களே. நான் பொது மருத்துவர். பிரஷருக்குத் தரும் மாத்திரைகளில் ஒரு வகை, மிகச் சிலருக்கு, உதட்டையும் முகத்தையும் நாக்கையும் திடீரென்று வீங்க வைக்கும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முடிந்தால் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விடுங்கள். அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயர் பி, ஆர், ஐ, எல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் முடிந்தால், அதாவது எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடிந்தால், அது ஏ.சி.இ. தடுப்பான் என்ற வகை. நான் சொல்லும் வீக்கத்தைக் கொண்டுவருவது முக்கியமாக இந்த வகைதான். லோசார்டான், டெல்மிசார்டான், ஓல்மெசார்டான் என்று ‘சார்டான்’ என முடிந்தால் ஏ.ஆர்.பி. வகை. ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருந்தால் எல்லாப் பெயரையும் பாருங்கள். ‘ப்ரில்’ நடுவில் ஒளிந்திருக்கலாம்.

ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். பல நோயாளிகளிடம் பார்த்ததை ஒருவருக்கு நடந்ததுபோல் சேர்த்திருக்கிறேன். அவருக்கு வயது 62. நான்கு வருடமாக எனலாப்ரில் சாப்பிடுகிறார். பிரஷர் நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. சர்க்கரைக்கும் மாத்திரை உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் அதில் வில்டாக்ளிப்டின் என்ற மருந்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் எழுந்தபோது கீழுதடு ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தது. அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை, வலியும் இல்லை. ‘அத்தை, நேத்து ராத்திரி இறால் சாப்பிட்டீங்களே, அதான்’ என்றார் மருமகள். மெடிக்கல் ஷாப்பில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டார்கள். மறுநாள் வீக்கம் வடிந்தது. இறால்தான் காரணம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து மேலுதடும் கன்னமும் வீங்கின. அன்றைக்கு இறால் சாப்பிடவில்லை. கத்திரிக்காய் மேல் பழி விழுந்தது. மறுபடி அதே மாத்திரை, மறுபடி அதே வடிதல். பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடவில்லை. மூன்றாவது முறை, அதிகாலையில், நாக்கு தடித்து, பேச்சு குழறி, எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிய ஆரம்பித்தது.

இந்தக் கதையில் அலர்ஜி மாத்திரை செய்த உபகாரம் ஒன்றுமில்லை. இந்த வகை வீக்கம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தானாகவே வடிந்துவிடும். மாத்திரை போட்ட பிறகு வடிந்ததால், மாத்திரையால்தான் வடிந்தது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதால் அலர்ஜி என்ற எண்ணம் உறுதியானது. உண்மையான காரணம் தினமும் காலையில் தண்ணீரோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது? நம் உடம்பில் பிராடிகைனின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. அது நுண்ணிய இரத்தக் குழாய்களை விரித்து, அவற்றின் சுவரிலிருந்து நீர் கசியும்படி செய்யும். வேலை முடிந்ததும் அதைச் சிதைத்து அப்புறப்படுத்தும் நொதிகளில் முக்கியமானது ஏ.சி.இ. அந்த நொதியைத்தான் நம் ‘ப்ரில்’ மாத்திரை தடுக்கிறது. பிரஷர் குறைவதும் அந்தத் தடையால்தான், பிராடிகைனின் தேங்குவதும் அதே தடையால்தான். இந்த மருந்துகளின் பிறப்பே இதோடு சேர்ந்ததுதான். பிரேசில் நாட்டின் ஜராராக்கா என்ற பாம்பின் விஷத்தில், பிராடிகைனினின் வேலையைக் கூட்டும் ஒரு பொருள் இருப்பதை 1960களில் செர்ஜியோ ஃபெரேரா கண்டுபிடித்தார். அந்த வழியே போய்த்தான் கேப்டோப்ரில் என்ற முதல் ‘ப்ரில்’ மாத்திரை உருவானது.

ஏ.சி.இ. தடைபட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு வேறு நொதிகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று டி.பி.பி.-4. நம் அம்மாவுக்குப் புதிதாகச் சேர்த்த வில்டாக்ளிப்டின் தடுப்பது அதைத்தான். கழிவு வெளியேறும் இரண்டு வாய்க்காலையும் ஒருசேர அடைத்த கதை. ‘ப்ரில்’ மருந்தும் வில்டாக்ளிப்டினும் சேரும்போது இந்த வீக்கத்துக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது 2009இலேயே ஆய்வில் தெரியவந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் எத்தனையோ பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான்கு வருடம் சும்மா இருந்த மாத்திரை ஏன் இப்போது வம்பு செய்கிறது என்று கேட்டால், இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். காரணமே தெரியாமல், பல வருடம் கழித்து வருவதும் உண்டு. ஆகவே ‘இத்தனை வருஷமா இதைத்தானே சாப்பிடுறேன்’ என்ற வாதம் இங்கே செல்லாது.

சாதாரண அலர்ஜி வீக்கத்துக்குக் காரணம் ஹிஸ்டமின். அவில், செட்டிரிசின் எல்லாம் ஹிஸ்டமினுக்கு எதிரானவை. பிராடிகைனினை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டீராய்டு ஊசியும் இங்கே நம்பத்தக்கதல்ல.

எப்படி அடையாளம் காண்பது? உணவு அலர்ஜி என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அரிப்பும் தடிப்பும் வரும், சிலருக்கு மூச்சில் இளைப்பும் தலைசுற்றலும் சேரும். பல்லில் சீழ் என்றால் வலி, சூடு, சிவப்பு இருக்கும். மாத்திரை வீக்கம் அரிக்காது, தோலில் தடிப்பு வராது, பெரும்பாலும் வலிக்காது. ஒரு பக்கம் மட்டும் வரலாம். மணிக்கணக்கில் மெல்லப் பெருகும். சிலருக்கு முகத்தில் ஒன்றும் தெரியாமல் குடலில் வீங்கி, வயிற்றுவலியும் வாந்தியுமாக வரும். இன்னொன்று, அம்லோடிபின் மாத்திரையால் கணுக்கால் வீங்குவதைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. அதற்கு நடுராத்திரியில் ஓட வேண்டியதில்லை, அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் போதும்.

உதடு மட்டும்தானே என்று வீட்டில் காத்திருக்கலாமா? கூடாது. உதட்டில் தொடங்கியது சில மணி நேரத்தில் நாக்குக்கும் தொண்டைக்கும் போகலாம். யாருக்குப் போகும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆகவே அடுத்த வேளை ‘ப்ரில்’ மாத்திரையைப் போடாதீர்கள், இரவும் பகலும் டாக்டர் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, உடனே 108. வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். ‘கொஞ்சம் படுங்க, சரியாயிடும்’ என்று மல்லாக்கப் படுக்க வைப்பது ஆபத்து. தண்ணீர், கஷாயம், மாத்திரை எதையும் வாயில் கொடுக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவசரப் பிரிவில் நோயறிதலே பாதி அந்தப் பையில்தான் இருக்கிறது.

அங்கே முதல் கவலை மூச்சுப்பாதைதான். மயக்க மருந்து நிபுணரும் காது மூக்கு தொண்டை நிபுணரும் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுக் குரல்வளையைப் பார்ப்பார்கள். அடைக்கும் என்று தெரிந்தால், அடைவதற்கு முன்பே குழாய் போடுவார்கள். அடைத்த பிறகு போடுவது மிகக் கடினம், சில சமயம் கழுத்தில் துளையிட வேண்டிவரும். அலர்ஜியா மாத்திரையா என்று சந்தேகம் இருந்தால் அட்ரினலின் ஊசி போடுவார்கள். அது சரிதான், தடுக்காதீர்கள். உண்மையிலேயே கடும் அலர்ஜியாக இருந்தால் உயிரைக் காப்பது அதுதான். சில இடங்களில் பிளாஸ்மா ஏற்றுவார்கள், ஏனென்றால் பிராடிகைனினைச் சிதைக்கும் நொதி அதில் இருக்கிறது. பிராடிகைனினையே தடுக்கும் இகாடிபான்ட் என்ற ஊசியும் உண்டு. 2015இல் வந்த ஒரு சிறு ஆய்வில் அது நன்றாக வேலை செய்தது, பிறகு வந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. அந்த ஊசி இருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடி அலைவதைவிட, குழாய் போடத் தெரிந்தவர் இருக்கும் இடத்துக்குச் சீக்கிரம் போவது மேல்.

இவ்வளவு கேட்டபின் சிலருக்கு மாத்திரையைத் தூக்கி எறியத் தோன்றும். வேண்டாம். ‘ப்ரில்’ சாப்பிடுகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவரிலிருந்து ஏழு பேர் வரைக்கும்தான் இது வருகிறது. சார்டானில் அதைவிடக் குறைவு. 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ராமிப்ரில் சாப்பிட்ட சுமார் 8,500 பேரில் 25 பேருக்கும், டெல்மிசார்டான் சாப்பிட்ட ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரில் 10 பேருக்கும் இந்த வீக்கம் வந்தது. தொடக்கத்திலேயே மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களை விலக்கிவிட்டுப் பார்த்த கணக்கு அது. வீக்கம் வராதவர் பயந்து மாத்திரையை நிறுத்தினால், பக்கவாதத்துக்கு வாசலைத் திறந்து விடுகிறார்.

வீக்கம் வந்தவர் விஷயம் வேறு. அவருக்கு ‘ப்ரில்’ வகை எதுவுமே ஆயுளுக்கும் ஆகாது. எனலாப்ரிலுக்குப் பதில் ராமிப்ரில் என்று மாற்றுவதில் அர்த்தமில்லை. நம் அம்மாவுக்கு டாக்டர் அம்லோடிபின் எழுதினார், வில்டாக்ளிப்டினையும் மாற்றினார். உண்மையான ஆபத்து இரண்டு வருடம் கழித்து வரும். நெஞ்சுவலி என்று வேறு மருத்துவமனைக்குப் போவார், அங்கே இதயத்துக்கு நல்லது என்று நல்லெண்ணத்தோடு ராமிப்ரில் எழுதிவிடுவார்கள். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரை, கம்பெனிப் பெயரை அல்ல, எழுதி வாங்குங்கள். அதன் நகல் ஒன்றைப் பர்ஸில் வையுங்கள், இன்னொன்றைப் பிள்ளைகள் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் சாக்யூபிட்ரில் கலந்த மாத்திரையும் இவர்களுக்குக் கூடாது.

சார்டானுக்கு மாறலாமா? பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது, மிகச் சிலருக்கு மறுபடி வீங்குகிறது. சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ அது கட்டாயம் தேவை என்றால், சில வாரம் இடைவெளி விட்டு, கண்காணிப்போடு தொடங்குவார்கள். இடைவெளிக்குக் காரணம் உண்டு. ‘ப்ரிலை’ நிறுத்திய பிறகும் சில வாரம், சிலருக்கு அதற்கும் மேல், வீக்கம் திரும்ப வரலாம். அந்த நாட்களில் உதடு மறுபடி வீங்கினால் அது பழைய மாத்திரையின் மிச்சமா, புதிய மாத்திரையா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். இரண்டுக்கும் போக வேண்டியது அதே அவசரப் பிரிவுக்குத்தான். நன்றி, வணக்கம்.