'தேர் இஸ்' என்று தொடங்காமல் ஆங்கிலம் எழுதலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். குடிநீர்க் குழாய் உடைந்து பத்து நாளாகத் தண்ணீர் வீணாகிறது என்று அதிகாரிக்கு ஆங்கிலத்தில் மனு எழுதி, என்னிடம் திருத்தித் தரச் சொன்னாள். முதல் வாக்கியத்தை மெதுவாக வாசிக்கிறேன், கேளுங்கள். "தேர் இஸ் எ பைப் இன் அவர் ஸ்ட்ரீட் விச் ஹேஸ் பீன் லீக்கிங் ஃபார் டென் டேஸ்."

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இதன்படி அவள் முதலில் சொல்வது, தெருவில் ஒரு குழாய் இருக்கிறது என்பதைத்தான். குழாய் இருப்பது அதிகாரிக்குத் தெரியாதா? ஒழுகுகிறது என்பதுதான் செய்தி. அது 'விச்' என்ற சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

நம்மவர்கள் கையில் இந்தத் 'தேர் இஸ்' அடிக்கடி வருவதற்கு நம் 'இருக்கிறது' ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். 'பிரச்சினை இருக்கிறது', 'குறை இருக்கிறது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிறோம், பேனா தானாகத் 'தேர் இஸ்' போட்டுவிடுகிறது. தமிழில் 'மழை பெய்கிறது' என்றால் பெய்வது மழை. ஆங்கிலத்திலோ வினைக்கு முன்னால் எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது. அதனால் 'இட் இஸ் ரெயினிங்' என்று, பொருளே இல்லாத ஓர் 'இட்'டை அங்கே உட்கார வைக்கிறார்கள். 'தேர்' செய்வதும் அதே வேலைதான். உண்மையான எழுவாய் வந்து சேரும்வரை இடம் பிடித்து வைக்கும் துண்டு அது.

சரி, எடுப்பது எப்படி? 'தேர் இஸ்'ஸுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அதற்கும் பின்னால் 'ஹூ', 'விச்', 'தட்' இவற்றில் ஒன்று வந்து, அதன் பின் ஒரு வினை காத்திருக்கிறதா? இருந்தால் அந்த வினைதான் வாக்கியத்தின் உயிர். 'தேர்', 'இஸ்', 'விச்' மூன்றையும் அடித்துவிடுங்கள். "எ பைப் இன் அவர் ஸ்ட்ரீட் ஹேஸ் பீன் லீக்கிங் ஃபார் டென் டேஸ்." 14 சொற்கள் 11 ஆயின, ஒழுகலும் வாக்கியத்தின் நடுவுக்கு வந்துவிட்டது.

அவளுடைய இரண்டாவது வாக்கியம் எனக்குக் கொஞ்சம் வருத்தமே தந்தது. "இட் வாஸ் செட் தட் த பைப் வுட் பி ரிப்பேர்ட் சூன்." சீக்கிரம் சரிசெய்யப்படும் என்று சொல்லப்பட்டதாம். யார் சொன்னது என்று கேட்டேன். "ஜூனியர் இன்ஜினியர், சார். திங்கட்கிழமை நேரில் வந்து சொன்னார்" என்றாள். மனுவுக்கு வலு சேர்ப்பதே அந்த ஆளும் அந்த நாளும்தான். இரண்டையும் இந்த 'இட்' விழுங்கிவிட்டது. இப்படி மாற்றினோம்: "ஆன் மண்டே, த ஜூனியர் இன்ஜினியர் டோல்ட் அஸ் தட் ஹீ வுட் ரிப்பேர் இட் சூன்."

இங்கே கடைசியில் வரும் 'இட்'டைக் கவனியுங்கள். அது குழாயைக் குறிக்கிறது, ஆகவே அதைத் தொடக் கூடாது. 'எது?' என்று கேட்டால் பதில் சொல்லும் 'இட்' உண்மையான பிரதிப்பெயர். அதே போல, கையை நீட்டி 'அதோ அங்கே' என்று காட்ட முடிகிற 'தேர்' இடத்தைக் குறிப்பது, அதுவும் இருக்கட்டும். வாய்விட்டுப் படித்தாலே வித்தியாசம் தெரியும். இடத்தைக் காட்டும் 'தேர்' அழுத்தமாக ஒலிக்கும், இடம்பிடிக்கும் 'தேர்' லேசாக நழுவிப் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. 'இட் சீம்ஸ் தட் எ லாரி புரோக் த பைப்' என்றும் எழுதியிருந்தாள். லாரி ஏறி உடைந்ததை யாரும் பார்க்கவில்லை. 'இட் சீம்ஸ் தட்' மூன்றையும் வெட்டினால் சந்தேகம் உறுதியாகிவிடும், லாரிக்காரர் மேல் பழி விழும். எனவே "எ லாரி சீம்ஸ் டு ஹேவ் புரோக்கன் த பைப்" என்று எழுதச் சொன்னேன். 'இட்' போனது, சந்தேகம் தங்கியது.

அப்புறம் நான்காவது வாக்கியம். "தேர் இஸ் எ ஸ்கூல் அட் தி எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்." இதற்குள் அவளே பேனாவை எடுத்து அடிக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன். இங்கே பின்னால் எந்த வினையும் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதே செய்தி, அதிகாரி அதை இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். 'எ ஸ்கூல் இஸ் அட் தி எண்ட்' என்றால் காதுக்கு இடறும். அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வரியைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கினாள்: "த சில்ட்ரன் வாக் த்ரூ திஸ் வாட்டர் எவ்ரி மார்னிங்."

நன்றி, வணக்கம்.