ஒரே பொன்னி, ஒரே மில்... பழசுக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை? மூட்டை வாங்கும் முன் பாருங்கள்

[திரையில்: அரிசி மண்டி. அருகருகே இரண்டு மூட்டைகள். ஒன்றில் "புதுசு", இன்னொன்றில் "பழசு" என்று சாக்பீஸ் எழுத்து]

இரண்டு மூட்டையிலும் இருப்பது பொன்னிதான். மில்லும் ஒன்றுதான். பழைய மூட்டைக்குக் கிலோவுக்கு எட்டு, பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். காய்கறி பழசானால் விலை இறங்கும், அரிசி பழசானால் ஏறும். அந்தக் கூடுதல் காசு உங்கள் வீட்டுக்கு லாபமா, நஷ்டமா? இன்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நடுவில் மலாயாவில் நடந்த ஒரு கதை இருக்கிறது. புழுங்கல் அரிசி சாப்பிடுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதலில் அடிப்படையை வேகமாக முடித்துவிடுவோம். நெல்லில் உமியை மட்டும் நீக்கினால் கைக்குத்தல் அரிசி. அதன் மேல் இருக்கும் தவிட்டையும் முளையையும் தேய்த்து எடுத்தால் பாலிஷ் அரிசி. நெல்லை அவிக்காமல் அரைத்தால் பச்சரிசி, ஊறவைத்து அவித்து, காயவைத்து அரைத்தால் புழுங்கல். இடையில் ஸ்டீம் அரிசி என்று ஒன்று உண்டு, அது லேசாக ஆவி காட்டியது. மூட்டை 25 கிலோவிலிருந்து 26 கிலோ ஆனதற்குக் காரணம் வரி: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பேக் செய்த அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, மில்காரர்கள் ஒரு கிலோ சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் அடிப்படை.

[திரையில்: கறுப்புத் துணியில் இரண்டு அரிசி மணிகள், மிக அருகில்]

இந்த இரண்டு மணிகளையும் பாருங்கள். இடது பக்கம் பச்சரிசி. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, ஒளி ஊடுருவவில்லை. வலது பக்கம் புழுங்கல். லேசான மஞ்சள், கண்ணாடித்தன்மை. நெல்லை அவிக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து வெந்து, இறுகி, ஒரே கட்டியாகிவிடுகிறது. அதனால்தான் புழுங்கல் நெல்லை அரைக்கும்போது குருணை குறைவாக விழுகிறது. அரசு கொள்முதல் கணக்கிலேயே நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ எடுக்க வேண்டும் என்று இருக்கிறது.

அவிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின், அதாவது தயமின், தண்ணீரில் கரையக்கூடியது. நெல் ஊறி அவியும்போது அதில் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு பாலிஷ் போட்டுத் தவிட்டை எடுத்தாலும், உள்ளே போனது அங்கேயே நிற்கிறது. பச்சரிசியில் அந்த வாய்ப்பே இல்லை, தவிடு போனால் தயமினில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும்.

[திரையில்: மலாயாவின் பழைய வரைபடம்]

இப்போது அந்தக் கதை. நூற்றிருபது வருடங்களுக்கு முந்தைய மலாயா. தகரச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள், ரப்பர் தோட்டங்களில் நம் ஊர்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். பெரிபெரி என்ற நோய் சீனத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நிற்கும். தமிழர்களிடம் அது அபூர்வம். லியோனர்ட் பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து, காரணம் அரிசிதான் என்றார். அப்போது பலர் நம்பவில்லை. ஏதோ தொற்று, இடத்தின் கோளாறு என்று நினைத்தார்கள்.

வில்லியம் ஃபிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் 1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு கட்டடத்துக்கு சயாம் பச்சரிசி, இன்னொன்றுக்கு இந்தியப் புழுங்கல் கொடுத்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களிடம் பெரிபெரி வந்தது, இறப்புகளும் நேர்ந்தன. புழுங்கல் பக்கம் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. இடம்தான் காரணமோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று, நடுவில் இரண்டு குழுக்களையும் கட்டடம் மாற்றி வைத்தார். அப்போதும் நோய் பச்சரிசிக்காரர்கள் கூடவே போனது! வாய் திறந்து சம்மதம் சொல்ல முடியாத மனிதர்களை வைத்து இப்படிச் செய்தது இன்று எந்த விதியிலும் ஒத்துக்கொள்ளப்படாது. அதை நான் மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்த பழக்கம், கடல் தாண்டிப் போன நம் ஆட்களைக் காப்பாற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்று பருப்பு, காய், முட்டை என்று பல வழிகளில் தயமின் கிடைக்கிறது, அதனால் பச்சரிசி சாப்பிட்டால் பெரிபெரி வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தினமும் மூன்று வேளையும் சோறுதான் பிரதானம் என்கிற வீட்டில் புழுங்கல் நல்லது என்பது என் கருத்து.

புழுங்கலிலும் ஒற்றை, இரட்டை என்று கேட்டிருப்பீர்கள். ஊறவைத்து ஒருமுறை அவித்தால் ஒற்றைப் புழுங்கல். முதலில் ஆவி காட்டி, ஊறப்போட்டு, மறுபடி அவித்தால் இரட்டைப் புழுங்கல். இரட்டையில் நிறமும் வாடையும் கொஞ்சம் தூக்கல். அரிசியைக் கையில் அள்ளி முகரும்போது புளித்த ஊறல் வாடை அடித்தால், நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. உருவாக்கிய சுடுதண்ணீர் ஊறல் முறையில் சில மணி நேரத்திலேயே ஊறிவிடும், அந்த வாடையும் இருக்காது.

[திரையில்: இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரம்]

சரி, புதுசு பழசுக்கு வருவோம். தஞ்சைப் பக்கம் சம்பா அறுவடை தை, மாசியில். அந்த நெல்லை அரைத்து உடனே மூட்டை கட்டினால் புது அரிசி. ஆறு மாதம், ஒரு வருடம் இருப்பு வைத்தால் பழசு. சும்மா இருக்கும்போது மணிக்குள் என்ன மாறுகிறது? அதிலுள்ள கொஞ்சம் கொழுப்பு உடைந்து மாவுச்சத்தோடு பிணைந்துகொள்கிறது, புரதமும் இறுகுகிறது. அதனால் வேகும்போது மணி வெடித்து மாவைக் கஞ்சியில் விடுவதில்லை. கூடுதல் தண்ணீர் குடிக்கும், வேக நேரம் எடுக்கும், உதிரி உதிரியாக வரும்.

இதோ, இடது பாத்திரத்தில் புதுசு. கஞ்சி வழவழவென்று பால் போல வருகிறது. வலது பாத்திரத்தில் பழசு, கஞ்சி தண்ணீராகவே இருக்கிறது. கடையிலேயே சோதிக்க வேண்டுமா? நாலு மணியை வாயில் போட்டுக் கடியுங்கள். புதுசு மாவாகிப் பல்லில் ஒட்டும், பழசு நறுக்கென்று உடையும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். லேசாக ஆவி காட்டிய புது அரிசியும் பழுப்பாகத் தெரியும், ஓரளவு பழசு போலவே வேகவும் செய்யும். சந்தேகம் இருந்தால் அரை கிலோ வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு மூட்டைக்குப் போங்கள்.

இப்போது காசுக் கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும், உதாரணத்துக்குப் புதுசு கிலோ 50, பழசு 60 என்று வைத்துக்கொள்வோம். 26 கிலோ மூட்டை 1,300 ரூபாய், 1,560 ரூபாய். வித்தியாசம் 260. பழசு "நல்லா காணும்" என்பார்கள், உண்மைதான். அந்த 260-ஐ அது ஈடுகட்ட வேண்டுமென்றால், புதுசில் ஆறு டம்ளர் போடும் இடத்தில் பழசில் ஐந்து டம்ளர் போதுமானதாக இருக்க வேண்டும். ஐந்தரை டம்ளர் தேவைப்பட்டால் உங்களுக்குக் கையைக் கடிக்கும். அந்த உபரி அளவும் தண்ணீர்தான். கூடுதல் சத்து எதுவும் அதில் கிடையாது. ஆகவே பழசுக்குக் கொடுக்கும் காசு உதிரிப் பதத்துக்கான காசு. புளியோதரை, எலுமிச்சை சாதம், மதிய டப்பா கட்டுகிற வீட்டுக்கு அது தகும். குழைந்த பருப்பு சாதம், ரசம் சாதம், கஞ்சி, பழைய சோறு என்று போகிற வீட்டுக்குப் புதுசே போதும். பொங்கலுக்கோ, பழசு வாங்கினால் காசைக் கொடுத்துப் பொங்கலைக் கெடுத்த கதை. அதற்குப் புதுப் பச்சரிசியை விட்டால் வேறு கிடையாது.

வீட்டிலேயே பழசாக்கலாம். மாசியில் புதுசு வாங்கி, மூடி இறுகிய டிரம்மில் போட்டு ஆறேழு மாதம் வையுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது நன்றாகவே பழசாகும். வண்டு வந்தால் வெயிலில் கொட்டிவிடாதீர்கள். சூட்டில் மணிக்குள் விரிசல் விழும், சமைக்கும்போது குருணையாகும். நிழலில் பரப்பிச் சலித்து எடுங்கள்.

இந்த வேலையைக் கைக்குத்தல் பச்சரிசியில் மட்டும் செய்யாதீர்கள். அதன் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு கிலோ, மூன்று கிலோவாக வாங்கித் தீர்த்துவிடுங்கள். வாங்கும்போது மணியின் ஒரு முனையைப் பாருங்கள். முளை இருந்த மூலையில் குழி விழுந்திருந்தால் பாலிஷ் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை சம்பா போன்ற சிவப்பரிசியில் இன்னும் சுலபம், நிறம் இருப்பதே தவிட்டில்தான். வெளுத்து, சிவப்பு வரி வரியாக நின்றால் கைக்குத்தல் விலை கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊர் மண்டியில் புதுசுக்கும் பழசுக்கும் இந்த வாரம் எவ்வளவு வித்தியாசம்? ஊர் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள், ஐந்து டம்ளர் கணக்கை அந்த விலையில் நான் போட்டுப் பதில் சொல்கிறேன்.