பைக் ரிவர் சுரங்கத்தின் காற்று

நேயர்களுக்கு வணக்கம். நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் வாயுவைப் பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சுரங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கிரேமவுத் நகருக்கு அப்பால் மலைக்குள் குடையப்பட்டிருந்த பைக் ரிவர் சுரங்கம் அது. 2010 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.45 மணிக்கு அதற்குள் மீத்தேன் வெடித்தது. உள்ளே 31 பேர் இருந்தார்கள். இருவர் மட்டும் உயிரோடு வெளியே வந்தார்கள். இறந்த 29 பேரில் மிக இளையவருக்கு வயது 17, மூத்தவருக்கு 62.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டுகிறார்கள். அதனால் பூமிக்கடியில் நிலக்கரி வெட்டுவதில் உள்ள இந்த ஆபத்தை நம்மில் பலர் நேரில் அறிந்ததில்லை. நிலக்கரி உருவாகும்போதே மீத்தேனும் உருவாகி, கரியின் நுண்துளைகளில் அழுத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரியை வெட்டினால் அழுத்தம் விலகுகிறது, வாயு வெளியேறுகிறது. வெட்டுவதை நிறுத்தினாலும் உடனே நிற்பதில்லை.

வீட்டுச் சமையல் எரிவாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். கசிந்தது தரையோடு படியும். சுரங்க மீத்தேன் நேர்மாறானது. மணம் இல்லை, நிறம் இல்லை. காற்றைவிட ஏறக்குறைய பாதி எடைதான் என்பதால் மேலெழும்பிக் கூரையை ஒட்டி ஒரு படலமாகப் பரவும். தலைமட்டத்தில் கருவியைப் பிடித்துப் பார்ப்பவருக்கு அரை சதவீதம் காட்டும் அதே இடத்தில், கூரையோரம் ஐந்து சதவீதம் இருக்கலாம். ஐந்து என்பது முக்கியமான எண். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் அது வெடிக்கும். ஒன்பதரை சதவீதத்தை ஒட்டி வெடிப்பின் வேகம் உச்சத்தில் இருக்கும்.

எனவே காற்றோட்டத்தின் வேலை, வெளிவரும் வாயுவை அந்த ஐந்துக்கு வெகு கீழே கரைத்து வெளியேற்றுவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பணியிடத்தில் நொடிக்கு அரை கன மீட்டர் மீத்தேன் வெளிவருகிறது, அங்கே நொடிக்கு 50 கன மீட்டர் காற்று ஓடுகிறது என்று வையுங்கள். கலவையில் மீத்தேன் ஒரு சதவீதம். காற்றைப் பணியிடத்துக்குத் திருப்பிவிடும் ஒரு தடுப்புத் திரை கிழிந்து காற்றில் பாதி வேறு வழியில் போய்விட்டால், வாயு கூடாமலேயே அது இரண்டு சதவீதமாகிவிடும். இப்படிப்பட்ட சுரங்கங்களில் 1.25 சதவீதத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், இரண்டில் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது நியூசிலாந்து விதி. அதாவது ஒரே ஒரு திரை கிழிந்தால், வேலையை விட்டுவிட்டு வெளியேற வேண்டிய நிலை வந்துவிடும்.

பைக் ரிவருக்கு உள்ளே போகும் வழி 2.3 கிலோமீட்டர் நீளமான ஒற்றைச் சுரங்கப்பாதை. காற்று அதன் வழியே நுழைந்து, 100 மீட்டருக்கும் மேல் உயரமான செங்குத்துக் குழாய் வழியே வெளியேறியது. அந்தக் காற்றை இழுக்கும் பிரதான விசிறியை அவர்கள் பூமிக்கடியில் வைத்தார்கள். இது உலக வழக்கத்துக்கு மாறானது. பிரதான விசிறி தரைமட்டத்தில் இருக்க வேண்டியதற்குக் காரணம் எளிது: உள்ளே வெடித்தாலும் விசிறி தப்பினால், சிக்கியவர்களுக்குக் காற்றும், மீட்கச் செல்பவர்களுக்கு வழியும் கிடைக்கும். பைக் ரிவரில் அந்த விசிறியின் மோட்டாருக்கு வெடிவாயுச் சூழலுக்கு ஏற்ற பாதுகாப்புகூடப் போதுமானதாக இல்லை. விசாரணை செய்த அரச ஆணையம் 2012இல் இதைப் பெரும் பிழை என்றே எழுதியது. மேலே ஒரு மாற்று விசிறி இருந்தது. வெடிப்பில் அதுவும் சேதமடைந்தது.

எனக்கு இதைவிடவும் வேதனை தருவது அளவீடுகளின் கதை. வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 பதிவுகள் இருந்தன. அதற்குக் குறைவான, ஆனால் ஆபத்தான அளவைப் பற்றி இன்னும் 27 பதிவுகள். இவை ரகசியமாக இருந்தவை அல்ல. பணிமுறை முடிந்ததும் மேற்பார்வையாளர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் இருந்தன. அவற்றைத் தொடர்ந்து படித்து, ஏன் இப்படி நேர்கிறது என்று கேட்க ஓர் ஏற்பாடு இல்லை. தரைமேலிருந்த கட்டுப்பாட்டு அறைக்கோ, காற்று வெளியேறும் குழாய்க்கு அப்பாலிருந்த உட்பகுதிகளிலிருந்து எந்த நிலையான உணரியின் அளவும் வந்துகொண்டிருக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்திருந்தவர் கண்காணித்திருக்க வேண்டிய திரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

இயந்திரங்களில் பொருத்தியிருந்த உணரிகள் வேறு கதை. வாயு கூடினால் அவை இயந்திரத்தை நிறுத்திவிடும். அதுதான் அவற்றின் வேலை. வேலை தடைபடக் கூடாது என்று அந்த நிறுத்த அமைப்புகளைச் சிலர் முடக்கி வைத்ததையும் ஆணையம் பதிவு செய்தது. அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தச் சுரங்கம் உற்பத்தியில் பின்தங்கியிருந்தது, நீரை வேகமாகப் பீய்ச்சிக் கரியை உடைத்தெடுக்கும் முறையைத் தொடங்கினால் ஊக்கத்தொகை என்று அறிவித்திருந்தது. ஒரு நாளில் பலமுறை நின்றுபோகும் இயந்திரம், காற்று போதவில்லை என்று சொல்கிறது. அதைக் கேட்டுக் காற்றைக் கூட்டியிருக்க வேண்டும். உணரியை மூடியதும் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

உணரிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரவலாகப் பயன்படும் வகை, வாயுவை ஒரு சூடான மணியின் மேல் எரித்து, அந்தச் சூட்டை வைத்து அளவைக் காட்டுகிறது. எரிவதற்கு ஆக்சிஜன் தேவை. மீத்தேன் மிக அதிகமாகிவிட்டால் ஆக்சிஜன் போதாமல் காட்டும் எண் மீண்டும் இறங்கத் தொடங்கும். முள் உச்சிக்குப் போய்விட்டுத் திடீரெனக் குறைந்தால், வாயு குறைந்தது என்று நம்பக் கூடாது. அப்போது முதல் வேலை வெளியேறுவது. அதிக அளவுகளை அளக்கும் வேறு வகைக் கருவியால் சரிபார்ப்பது அதற்குப் பிறகு.

அன்று எது பற்றவைத்தது என்று ஆணையத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கரி எடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட வெற்றிடத்தில் கூரை சரிந்து, அங்கே தேங்கியிருந்த மீத்தேன் ஒரேயடியாக வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். வாயு பணியிடத்திலேயே சேர்ந்திருந்ததாகவும் இருக்கலாம். மின்சாதனம் ஒன்று பற்றவைத்திருக்கக்கூடும். பற்றவைக்கும் பொறியை எல்லா இடத்திலும் ஒழிக்க முடியாது என்பதால்தான், வாயு சேராமல் தடுப்பதை முதல் கடமையாக வைக்கிறோம்.

விசிறி போனதும் உள்ளே காற்றோட்டம் நின்றது. கரியிலிருந்து மீத்தேன் வருவது நிற்கவில்லை. உள்ளே வாயு நிலை என்ன என்பதை அறிய நம்பத்தகுந்த வழி இல்லாததால் மீட்புக் குழு நுழைய முடியவில்லை. நவம்பர் 24இல் இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. 26ஆம் தேதியும் 28ஆம் தேதியும் மீண்டும் வெடித்தது. இறந்தவர்கள் இன்றும் அந்த மலைக்குள்தான் இருக்கிறார்கள். 2019இல் சுரங்கப்பாதையைத் திறந்து உள்ளே நுழைந்த குழு, 2021இல் ஏறக்குறைய 2.2 கிலோமீட்டர் தூரத்தில், கூரை சரிந்து வழியை அடைத்திருந்த இடம் வரை சென்று திரும்பியது.

2013இல் நியூசிலாந்து சுரங்க விதிகளைப் புதிதாக எழுதியது. வேலையிடப் பாதுகாப்புக்குத் தனி அமைப்பும் உருவானது. சுரங்கத்துக்குள் பயிற்சி பெற்ற தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு, ஆபத்து என்று தெரிந்தால் வேலையை நிறுத்தும்படி உத்தரவிடும் சட்ட அதிகாரமும் அப்போது கிடைத்தது. பைக் ரிவரில் அந்த 21 பதிவுகள் எழுதப்பட்டபோது தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு அந்த அதிகாரம் இருக்கவில்லை.

நன்றி, வணக்கம்.