மேலிருந்து இழுத்துப் போடும் பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் ரொம்பச் சின்னது. போனில் மெசேஜ் வருகிறது. ஆப்பைத் திறக்காமலேயே, மேலிருந்து விரலால் இழுத்து, அந்த நோட்டிபிகேஷனிலேயே பதில் போட்டு அனுப்பிவிடுகிறோம். ஆண்ட்ராய்டில் 2016-ல் ஏழாம் பதிப்போடு வந்த வசதி இது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பலர் இதைத்தான் செய்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னக் கட்டம் நமக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் செய்முறை. திரையின் மேல் ஓரத்திலிருந்து கீழே இழுக்கிறீர்கள். வாட்ஸ்அப் நோட்டிபிகேஷன் சுருங்கிய நிலையில் இருக்கும். அதன் வலது ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு. அதைத் தொட்டால் விரிந்து, அடியில் 'ரிப்ளை', 'மார்க் அஸ் ரெட்' என்று இரண்டு பட்டன் வரும். ரிப்ளையைத் தொட்டால் எழுதும் இடம் திறக்கும், கீபோர்டு எழும்பும். எழுதி, பக்கத்தில் இருக்கும் அனுப்பும் அம்பைத் தொட்டால் வேலை முடிந்தது. ஐபோனில் அம்பு கிடையாது, நோட்டிபிகேஷனை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இதில் கை தவறுகிற இடம் இரண்டு. எழுத்தின் மேலேயே தொட்டுவிட்டால் ஆப் திறந்துகொள்ளும். பக்கத்தில் இருக்கும் 'மார்க் அஸ் ரெட்'டைத் தொட்டுவிட்டால் நோட்டிபிகேஷன் போய்விடும், அனுப்பியவருக்கு நீல டிக் போய்ச் சேரும், பதில் மட்டும் போகாது. "பார்த்துட்டு கம்முனு இருக்கிறான்" என்று பேர் வாங்குவது பாதி இப்படித்தான். மூன்று நான்கு பேரிடமிருந்து வந்திருந்தால் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். ஒரு தரம் விரித்தால் பெயர்கள் தனித்தனியாகப் பிரியும், நமக்கு வேண்டிய பெயரை மறுபடி விரித்தால்தான் ரிப்ளை வரும். எழுதுவதற்கு முன்னால் மேலே இருக்கும் பெயரை ஒரு தரம் வாசித்துக்கொள்ளுங்கள். குரூப் என்றால் குரூப் பெயரும் சேர்ந்து இருக்கும். ஆளின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அவருக்குத் தனியாகப் போடுகிறோம் என்று நினைத்தால், பதில் குரூப்புக்கே போகும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது விரல் பட்டு மேல் திரை மூடிக்கொண்டால் பதற வேண்டாம். மறுபடி இழுத்து ரிப்ளையைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் எழுதியது அப்படியே இருக்கும். ஆனால் அந்த நோட்டிபிகேஷனையே ஓரமாகத் தள்ளிவிட்டால் எழுதியதும் அதோடு போச்சு. ஆப்புக்குள் போய்த் தேடினாலும் கிடைக்காது.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. குரூப்பில் போடும் "சரி".

மாங்காய்க் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரர். தோத்தாப்புரி பறிக்கிற நேரம். அவர், கிருஷ்ணகிரி மண்டிக்காரர், வண்டி ஓட்டுகிற தம்பி, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப். சாயந்திரம் ஆறு மணிக்கு மண்டிக்காரர் எழுதுகிறார்: "ஏனுங்க மாமா, நாளைக்கு 3 டன் வருங்களா?" இரண்டு நிமிஷம் கழித்து டிரைவர்: "அண்ணா, காலைல 5 மணிக்கு வரட்டுங்களா, 7 மணிக்கு வரட்டுங்களா?" உடனே மறுபடி மண்டிக்காரர்: "கிலோ 18 போட்டுக்கலாமுங்களா?"

தோட்டக்காரர் அப்போதுதான் போனை எடுக்கிறார். நோட்டிபிகேஷன் சுருங்கி இருக்கிறது, கடைசி வரி மட்டும்தான் தெரிகிறது. அவசரத்தில் விரித்தவர் முதல் வரியை மட்டும் படித்தார் என்று வையுங்கள். 3 டன் கேட்கிறார்கள், தோட்டத்தில் காய் இருக்கிறது. "சரி" என்று தட்டி அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

இப்போது அந்தச் "சரி" குரூப்பில் எங்கே போய் உட்காருகிறது? விலைக் கேள்விக்கு நேர் கீழே. மண்டிக்காரர் என்ன நினைப்பார்? பதினெட்டுக்குச் சம்மதம். டிரைவர் என்ன நினைப்பார்? வரச் சொல்லிவிட்டார், ஆனால் ஐந்தா ஏழா தெரியவில்லை, கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று ஐந்துக்கே வந்து நிற்பார். மூன்று கேள்விக்கு ஒரு "சரி". தப்பு யார் மேலும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று பாருங்கள். ஆப்புக்குள் இருந்தால் ஒரு மெசேஜை வலப்பக்கம் இழுத்தால் போதும், அதை மேலே வைத்துக்கொண்டு அதற்குக் கீழே நம் பதில் ஒட்டிக்கொண்டு போகும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். நோட்டிபிகேஷனில் போடும் பதிலுக்கு அந்த ஒட்டு கிடையாது. மொட்டையாகத்தான் போகும். எத்தனை கேள்வி வந்திருந்தாலும் நம் பதில் கடைசி வரிக்குக் கீழே போய் விழும். நாம் எழுதிக்கொண்டிருக்கும் அரை நிமிஷத்தில் இன்னொரு மெசேஜ் வந்துவிட்டால் அதற்கும் கீழே.

அதனால் மேலிருந்து பதில் போடுகிறீர்களா, பதிலுக்குள்ளேயே கேள்வியையும் வைத்து எழுதுங்கள். அந்தத் தோட்டக்காரர் எழுத வேண்டியது இது: "3 டன் வரும். வண்டி 5 மணிக்கு. விலை காலையில் மண்டியில் பேசிக்கலாம்." மூன்றே வாக்கியம். எந்தக் கேள்விக்குக் கீழே விழுந்தாலும் அர்த்தம் மாறாது. "சரி", "ஓகே", "ஆமா", ஒரு கட்டைவிரல் பொம்மை, இவையெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் பேசும்போது, அதுவும் ஒரே கேள்வி இருக்கும்போது மட்டும் போதும். குரூப்பில் வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், குரூப்பில் மொட்டைச் "சரி" வேண்டவே வேண்டாம்.

தவறிப் போய்விட்டதா? வாட்ஸ்அப்பில் அனுப்பி 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம். ஆனால் அதற்கு ஆப்பைத் திறந்து, அந்த மெசேஜை அழுத்திப் பிடிக்க வேண்டும். மேலிருந்தபடியே திருத்தவோ அழிக்கவோ வழி இல்லை.

அடுத்தது, போனதா போகலையா என்கிற சங்கதி. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்திலும், அஞ்செட்டிக் காட்டுப் பக்கமும் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அனுப்பும் அம்பைத் தொட்டதும் என்ன நடக்கிறது? போனின் சிஸ்டம் நீங்கள் எழுதியதை வாங்கி வாட்ஸ்அப்பின் கையில் கொடுக்கிறது. அவ்வளவுதான். சில ஆப்களில் நோட்டிபிகேஷன் மறைந்துவிடும். சிலவற்றில் நீங்கள் எழுதியது அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சேர்ந்துகொள்ளும். இரண்டுமே மெசேஜ் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் இல்லை. பென்னாகரம் பஸ் கண்டக்டர் கையில் ஒரு கவரைக் கொடுத்தனுப்புகிறோமே, அந்த மாதிரி. கொடுத்தாச்சு, சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் ஆப்புக்குள் இருக்கும் டிக்கில்தான் இருக்கிறது. கடிகாரப் படம் இருந்தால் மெசேஜ் இன்னும் உங்கள் போனை விட்டே போகவில்லை. ஒற்றை டிக் என்றால் போனை விட்டுப் போய்விட்டது, அவர் போனுக்குப் போகவில்லை. இரட்டை டிக் என்றால் அவர் போனில் இருக்கிறது. மேலே இழுத்துப் பார்க்கும் கட்டத்தில் இந்த டிக் எதுவும் தெரியாது.

அந்த டிரைவரையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர் "வண்டி 5 மணிக்கு" என்று சரியாகத்தான் எழுதினார். ஆனால் கிணற்றடியில் சிக்னல் இல்லாமல் நின்றபோது அனுப்பினார். நோட்டிபிகேஷன் மறைந்தது, போயிற்று என்று நினைத்துவிட்டார். உள்ளே கடிகாரப் படத்தோடு அது காத்துக்கொண்டிருக்கிறது. மேலே சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் தானாகப் போகும், ஆனால் அவர் ராத்திரி முழுக்கத் தோட்டத்துக் கொட்டகையிலேயே படுத்துவிட்டால்? நேரம், பணம், வண்டி சம்பந்தப்பட்ட பதில் என்றால் மேலிருந்து அனுப்பினாலும் ஒரு தரம் ஆப்பைத் திறந்து டிக்கைப் பார்த்துவிடுங்கள்.

சில நேரம் அனுப்பிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆப் அந்த நோட்டிபிகேஷனைப் புதுப்பித்தால்தான் அந்தச் சுற்றல் நிற்கும். ஆப் பின்னணியில் தூங்கிவிட்டால் அது புதுப்பிக்காது. அப்போது அதே பதிலை மறுபடி எழுதாதீர்கள், இரண்டாகப் போகும். உள்ளே போய்ப் பாருங்கள். அடிக்கடி இப்படி ஆனால் செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய், கட்டுப்பாடு இல்லாத நிலைக்கு, அதாவது 'Unrestricted' என்று இருப்பதற்கு மாற்றுங்கள். சில போன்களில் 'Autostart' என்று தனியாக இருக்கும், அதையும் போட்டுவிட வேண்டும். டேட்டா சேவர் போட்டிருப்பவர்களுக்கு சில நேரம் 'You may have new messages' என்று மட்டும் வரும். மெசேஜே இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம், அதில் ரிப்ளை பட்டனும் இருக்காது. டேட்டா சேவரில் வாட்ஸ்அப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் சரியாகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. எஸ்எம்எஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டே வரியில் சொல்கிறேன். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. 'கொ' என்று எழுதினால் க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று என்று இரண்டாகக் கணக்கு. மேலிருந்து எழுதும்போது எத்தனை ஆயிற்று என்று காட்டும் எண் தெரியாது, அதனால் நீளமாக எழுதினால் ஒன்று மூன்றாகப் பிரிந்து கணக்கில் ஏறும். பேங்க், கேஸ் கம்பெனி மாதிரி எழுத்துப் பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் போகாது.

கடைசியாக, பூட்டிய திரை. போனை லாக் செய்திருக்கும்போதே பதில் போட முடிகிறதா என்று உங்கள் போனில் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் ரிப்ளையைத் தொட்டதும் பின் நம்பர் கேட்கும். ஐபோனில் பாஸ்கோடு பகுதிக்குள் 'Reply with Message' என்று இருக்கும், அதை நிறுத்தினால் பூட்டிய நிலையில் யாரும் உங்கள் பேரில் பதில் போட முடியாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் போய், பூட்டிய திரையில் முக்கியச் செய்திகளை மறைக்கச் சொல்லி வைத்தால் மெசேஜும் தெரியாது, பதிலும் போகாது. நன்றி, வணக்கம்.