ஸ்வாப் புள்ளியைத் தனியாக எழுதித் தாருங்கள்

சேலத்தில் ஏற்றுமதியாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்களே, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரிகளே, ஏற்காட்டிலிருந்து மலை இறங்கி வந்திருக்கும் காபித் தோட்டக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். இந்த மேடையில் நான் ஏறும்போதெல்லாம் சொல்வதுதான், இன்றைக்கும் சொல்கிறேன்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: ஸ்வாப் என்றால் என்ன, ஸ்வாப் புள்ளி எப்படி வருகிறது, வருடக் கடைசியில் டாலர் தட்டுப்பாடு வந்தால் அது ஏன் தாறுமாறாகிறது.

ஒரு வங்கிக்கு மூன்று மாதத்துக்கு டாலர் வேண்டும், கையில் ரூபாய் இருக்கிறது. இன்னொரு வங்கியிடம் ரூபாயைக் கொடுத்து இன்றைய விலையில் டாலர் வாங்கும். மூன்று மாதம் கழித்து அந்த டாலரை இன்ன விலைக்குத் திருப்பித் தருவேன் என்று அன்றைக்கே ஒப்பந்தமும் போட்டுவிடும். நகையை அடகு வைத்துப் பணம் வாங்கி, பிறகு மீட்பது போலத்தான். இங்கே நகையின் இடத்தில் ரூபாய்.

இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்வாப் புள்ளி. டாலர் இன்று 84 ரூபாய் என்று வையுங்கள். ரூபாய்க்கு வருட வட்டி 7 சதவீதம், டாலருக்கு 5. நூறு டாலருக்கு ஈடான 8,400 ரூபாய் மூன்று மாதத்தில் 8,547 ஆகும். நூறு டாலர் 101.25 ஆகும். வகுத்தால் 84.41. ஆக, ஸ்வாப் புள்ளி 41 பைசா. டாலர் ஏறும் என்று யாரும் ஜோசியம் சொல்லவில்லை. வெறும் வட்டிக் கணக்கு.

அம்மாபேட்டையில் ஜவுளி ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர். மூன்று மாதத்தில் 50,000 டாலர் வரவேண்டும். இன்றே விலையை உறுதி செய்துகொள்ளும் ஃபார்வர்டு ஒப்பந்தம் போடலாம் என்று வங்கிக்குப் போனார். 84.20 தருகிறோம் என்றார்கள். நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் தட்டுவடை செட் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, இருபது பைசா கூடக் கிடைச்சுது!" சரி, உட்காருங்கள் என்று பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். அவரிடம் டாலரை வாங்க ஒப்புக்கொண்ட வங்கி, அன்றைக்கே சந்தையில் 50,000 டாலரை 84-க்கு விற்றுவிடும். விற்க டாலர் வேண்டுமே? அதை ஸ்வாப்பில் எடுக்கும். மூன்று மாதம் கழித்து இவருடைய டாலரை 84.20-க்கு வாங்கி, ஸ்வாப்பில் 84.41-க்குத் திருப்பிக் கொடுக்கும். நடுவில் நின்ற 21 பைசா, 10,500 ரூபாய். வங்கிக்குச் செலவு உண்டு, லாபமும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. தட்டுவடையைத் தொடாமலே எழுந்து போனார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊரில், வந்த பணத்தை அளக்க வேண்டாமா? 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 500 கோடி டாலருக்கு மூன்று வருட ஸ்வாப் ஏலம் விட்டது. பிரீமியம், அதாவது ஸ்வாப் புள்ளி, 776 பைசா என்று ஊரறிய அறிவித்தது. நம் கிளையில் மட்டும் ஏன் ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும்?

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் போதவில்லை, தலைவர் மன்னிக்க வேண்டும். ஃபார்வர்டு ஒப்பந்தச் சீட்டில் இன்றைய விலை, ஸ்வாப் புள்ளி, வங்கியின் பங்கு ஆகிய மூன்றையும் தனித்தனி வரியாக, தமிழில் எழுதித் தரவேண்டும். அதற்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.